வால் முதலில் போனதா, கடைசியில் போனதா

சேசு மரி சூசை துணை
இராயபுரம், 1931 மார்ச் 14, சனிக்கிழமை

எண்ணூர் உப்பளத்து மேஸ்திரி அருள்பிரகாசம் மாமா அவர்களுக்கு, மருமகன் அருள்நாதன் மரியாதையுடன் எழுதுவது. நான் சுகம். அத்தையும் டோரதியும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் என் வேலை நிரந்தரமானதும் டோரதியைக் கொடுப்பதாகச் சொன்னீர்கள். அதற்குள் நான் தமிழ் வகுப்பில் கலகம் செய்ததாக யாரோ இரயிலில் உங்களிடம் சொல்லிவிட்டார்கள். கலகம் இல்லை, மாமா. ஒரு கேள்வி. பரீட்சைத் தாளில் ஐந்தாவது.

வகுப்பில் இரண்டு கதைகள் சொன்னேன். நம் பக்கத்துக் குரங்கு ஒன்று. வாலில் முள் தைத்தது. நாவிதன் முள்ளை எடுக்கப்போய் வாலை அறுத்தான். வாலைக் கொடு, இல்லாவிட்டால் கத்தியைக் கொடு என்றது குரங்கு. கத்தியைக் கிழவிக்குக் கொடுத்து உதவி விறகு வாங்கியது. விறகைத் தோசைக்காரிக்கு உதவித் தோசை. தோசையைக் கொடுத்து மேளம். மரத்தில் ஏறி அடித்தது. கதை முடிந்தது. மற்றது பஞ்சாப் எலி. காய்ந்த வேரைக் கொடுத்து மாவு, மாவுக்குப் பானை, பானைக்கு எருமை, எருமைக்கு ஒரு கல்யாணப்பெண். மாமியார் எலியை வரவேற்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பு மணையில் உட்காரவைத்தாள். வால் கருகியது. ஓடிவிட்டது.

கவனித்தீர்களா? நம் கதை எங்கே தொடங்குகிறதோ அங்கே அவர்கள் கதை முடிகிறது. இரண்டிலும் வால். இரண்டிலும் சின்ன உதவிக்குப் பெரிய பொருளைப் பிடுங்குவது. ஆனால் ஒரு கதை சாமர்த்தியத்துக்கு மேளம் கொடுக்கிறது, இன்னொன்று சூடு கொடுக்கிறது. ஆகவே கேட்டேன்: 'தமிழர் கதை, பஞ்சாபியர் கதை இரண்டிலும் பொதுவானவை எவை? எவ்விடத்தில் பிரிகின்றன? ஒவ்வொன்றும் எதை மெச்சுகிறது, எதைத் தண்டிக்கிறது? கதையிலிருந்தே காட்டுக.'

தலைமையாசிரியர் கருணாகரன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நீதி என்ன? ஒரு வரியில சொல்லும்."

"ஒரு வரியில் இல்லை, ஐயா."

"அப்போ எதுக்கு ஐயா கேள்வி?"

நான் கலங்கவில்லை. விடைத்தாள்களைத் திருத்தினேன். பாதிப்பேர் பஞ்சாபியர் கண்டிப்பானவர்கள், தமிழர் குறும்பர்கள் என்று எழுதியிருந்தார்கள். மார்க்கைக் குறைத்தேன். ஒரு கதை ஒரு மாகாணத்துக்கே சாட்சி சொல்லாது என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன். ஜார்ஜ் என்ற பையன் மட்டும், இரண்டு கதையிலும் ஏமாற்றியவனுக்குத் தண்டனை கிடைக்கிறது என்று எழுதியிருந்தான். நம் குரங்குக்குத் தண்டனை எங்கே? பூஜ்யம் போட்டேன்.

மறுநாள் அவன் தாய் சிலுவையம்மாள் மீன் கூடையோடு வகுப்புக்கே வந்துவிட்டாள்.

"இன்னா வாத்யாரே, எம் புள்ளைக்கு முட்டை போட்டுகீறியே, நீ கதைய முழுசா கேட்டியா?"

"குரங்கு மேளம் அடித்ததோடு முடிந்தது, அம்மா."

"அடிச்சிகினே கீதா? நல்லா கீதே நாயம்! மோளம் கிழிஞ்சிட்ச்சி. நாவிதன் வந்து கத்தி எங்கடான்றான். கிழவிகைல ஓடுது, கத்தி ஒடஞ்சி பூட்ச்சின்றா. தோசைக்காரிகைல ஓடுது, வெறகு எரிஞ்சி பூட்ச்சின்றா. வாலும் இல்ல, கத்தியும் இல்ல, மோளமும் இல்ல. ஏமாத்துனவன சும்மா வுட்டா அது இன்னா கதை, நைனா?"

நாற்பத்திரண்டு பையன்களும் கைதட்டினார்கள். கூடையிலிருந்து ஒரு வஞ்சிரமும் எட்டிப் பார்த்தது.

விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். நான் எழுதிய சிவப்பு மை என்னையே பார்த்தது. கேள்வியில் 'தமிழர் கதை' என்று எழுதியவன் நான். சில மைலுக்குள்ளேயே இரண்டு முடிவுகள். இராயபுரம் மீன்கடைப் பக்கம் ஒன்று, நான் கேட்டு வளர்ந்த காலடிப்பேட்டையில் ஒன்று. ஒரு கதையை வைத்து ஊரையே எடைபோட்டவன் பையன் அல்ல.

பூஜ்யத்தை அடித்து எட்டு போட்டேன். கேள்வியையும் திருத்தினேன்: 'வகுப்பில் கேட்ட வடிவத்தோடு உன் வீட்டில் சொல்லும் வடிவத்தையும் ஒப்பிடுக.' தலைமையாசிரியர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ எத்தனை சரியான விடை ஐயா?"

"எத்தனை வீடோ அத்தனை. ஆனால் கதையில் இல்லாததைச் சொன்னால் தப்பு."

அவர் என் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். நியாயம் பிடிபட்டுவிட்டது என்றே கொள்கிறேன். இன்று நிர்வாகக் கூட்டம். உத்தரவு இன்றே வரும். எனக்குச் சந்தேகமே இல்லை. ஈஸ்டர் கழிந்ததும் கல்யாண ஓலை வாசிக்கக் கோவிலில் சொல்லிவையுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். டோரதிக்கு, நீங்கள் அனுமதித்தால், என் விசாரிப்பு. உங்கள் ஆசீரைக் கேட்கும்,
அருள்நாதன்

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் பியூன் உத்தரவைக் கொண்டுவந்தான். வேலை நிரந்தரம். கணக்கு வாத்தியாராக. ஒரு கேள்விக்கு ஒரே விடை உள்ள பாடத்தில் என்னை வைப்பதே பள்ளிக்கு நல்லதாம். படிக்கும் காலத்தில் கணக்கில் நான் மூன்று தடவை தவறியது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. டோரதி கணக்கில் கெட்டிக்காரி என்றீர்களே. கல்யாணத்தைக் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் வைக்க முடியுமா?