முழங்கையை நீட்டிவிட்டுப் பொறுத்திருந்த வகையில் ஒரு நன்றி

பெருமதிப்பிற்குரிய பயிற்சியாளர் அம்மா அவர்களுக்கு,

முப்பத்தோரு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவனும், தங்களிடம் ஆறு வாரம் பாடம் கேட்டவனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் நேற்று முன்தினம் பயிற்சி நிலைய வாசலில் தங்களைப் பார்த்தேன், நலமாகத்தான் இருந்தீர்கள். ஆகவே அந்த வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் நன்றி.

என் மனைவிக்குப் பார்வை முழுதாகப் போய் பதினான்கு மாதம் ஆகிறது. அவள் அழுது முடித்து, தன் சமையலறையைத் தானே தடவிப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொண்டாள். நான்தான் ஒழுங்காகவில்லை. வெளியே கிளம்பினால் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பேன். வாசல் குறுகலாக இருந்தால் அவளை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் வருவேன், ஏனென்றால் பயணிகளை உள்ளே தள்ளித்தான் எனக்குப் பழக்கம். வழியெல்லாம் "பாத்து, பாத்து" என்று கத்துவேன். ஒருநாள் நடு வீதியில் நின்று, "எதப் பாக்கணும்னு சொல்லுங்க, பாக்கறேன்" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மருத்துவமனையில் காத்திருக்கும் இடத்தில் நாற்காலி காலி என்று நினைத்து அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன். அங்கே ஒரு பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் கையிலிருந்த பத்திரிகையை மட்டும் மெதுவாக இழுத்துக்கொண்டார். அதற்கு மறுவாரம் துணிக்கடையில் டார்ச் லைட் மாதிரி ஏதோ தொங்கியதைப் பார்க்கப் போனவன் அவளிடம் சொல்லாமலே போய்விட்டேன். திரும்பி வந்தால், துணி போர்த்திய பொம்மையிடம் எங்கள் மகளுக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனிமே உங்க கூட வெளிய வரமாட்டேன்" என்றாள்.

அம்மா, அவள் சொன்னால் சொன்னதுதான். இரண்டு மாதம் வாசற்படி தாண்டவில்லை. நூலகத்தில் வாரம் ஒருமுறை பெண்கள் கூடிக் கதை கேட்பார்கள், அதற்கும் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மகள்தான் தங்கள் விலாசம் தந்தாள். மனைவி வர மறுப்பாள் என்று நினைத்தேன். "உங்களுக்குப் பாடமா, வர்றேன்" என்று உடனே கிளம்பினாள்.

முதல் வகுப்பிலேயே தாங்கள் என் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனதை நான் மறக்கவில்லை. பத்தடி போவதற்குள் எனக்குக் கைகால் ஓடவில்லை. "நில்லுங்கம்மா, எங்க போறோம்" என்று கேட்டேன். "நீங்க அவங்களுக்குச் சொன்னீங்களா" என்றீர்கள். பிறகு இழுப்பதை விட்டுவிட்டு, தங்கள் புறங்கையால் என் புறங்கையை லேசாகத் தொட்டு, சும்மா நின்றீர்கள். நானாகத் தடவி முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். அரை அடி பின்னால் நடந்தேன். தாங்கள் திரும்பினால் தங்கள் உடம்பு திரும்புவது என் கைக்குத் தெரிந்தது. அப்போது சொன்னீர்களே ஒரு வாசகம்: "முழங்கைய நீட்டுங்க, பொறுங்க. பிடிக்கறது அவங்க வேலை." அதை எழுதி எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

வாசகம் சின்னதுதான், அதற்குப் பின்னால் வந்த வேலைதான் என் பிராணனை வாங்கியது. படி வந்தால் விளிம்பில் நேராக நின்று, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லி, அவள் கால் விளிம்பைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்து, நான் ஒரு படி முன்னால் போக வேண்டும். குறுகலான இடம் வந்தால் என் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும், அவள் தானாக என் பின்னால் வந்துவிடுவாள். கதவு தள்ளுவதா இழுப்பதா, எந்தப் பக்கம் திறக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாற்காலியென்றால் அவள் கையை அதன் முதுகில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டு எங்காவது போவதென்றால் சொல்லிவிட்டு, அவள் கைக்கு ஒரு சுவரையோ மேஜையையோ காட்டிவிட்டுப் போக வேண்டும். நான் மூன்றாம் வாரம்கூட "படி" என்று மட்டும் சொல்லி, ஏறும் படிக்கு அவளை இறங்க வைத்தேன். "என்ன படின்னு சொல்லக் காசா கேக்கறாங்க" என்றாள். தாங்கள் திட்டவில்லை. மறுபடி அதே படிக்கட்டுக்கு அழைத்துப்போனீர்கள், பத்தொன்பது தடவை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன புதன்கிழமை காலை, நூலகத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "இங்க இருக்கேன்" என்று மட்டும் சொல்லி முழங்கையை நீட்டினேன். அவள் உள்ளே ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடத்துக்கு மேல் எந்த நிறுத்தத்திலும் வண்டியை நிற்க விடாதவன் நான், விசில் ஊதாமல் நின்றேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரர், "கைல சுளுக்கா சார்" என்று கேட்டுவிட்டுப் போனார். வா என்று கூப்பிட நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன். கை மரத்துப்போனது. அவள் வரமாட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன், ஆனாலும் கையை மடக்க மனம் வரவில்லை. பதினோராவது நிமிடம் செருப்புச் சத்தம் கேட்டது. என் முழங்கைக்கு மேலே நான்கு விரல் உள்பக்கமும் கட்டைவிரல் வெளிப்பக்கமுமாக வந்து உட்கார்ந்தன. "நடங்க, என்ன நிக்கறீங்க" என்றாள்.

நூலகம் வரை போனோம், கதை கேட்டோம், திரும்பி வந்தோம். வழியில் ஒருமுறைகூட நான் "பாத்து" என்று சொல்லவில்லை. இனி ஆயுசுக்கும் அவளை எங்கும் அழைத்துச் செல்ல நான் இருக்கிறேன் என்ற நிம்மதியில் அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். எல்லாம் தங்கள் பொறுமையால் வந்தது. தங்கள் குடும்பத்தார் அனைவரும் நோய்நொடி இல்லாமல், ஏறும் படி எது இறங்கும் படி எது என்று எப்போதும் தெரிந்து வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நன்றி மறவாத மாணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியில் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. வகுப்பு முடிந்து என்னைப் பூங்காவில் காற்று வாங்க அனுப்பிய ஒவ்வொரு நாளும் தாங்கள் அவளுக்கு வெள்ளைக்கோல் பிடித்து நடக்கச் சொல்லிக்கொடுத்தீர்களாமே. இடது கால் வைக்கும்போது கோல் வலப்பக்கம், வலது கால் வைக்கும்போது இடப்பக்கம் என்று கூடத்தில் நடந்தே காட்டினாள். நான் மத்தியானம் தூங்கும் நேரத்தில் மூன்று வாரமாகக் கடைத்தெரு வரை தனியே போய் வருகிறாளாம். "அப்ப எதுக்கு என் கையப் பிடிச்ச" என்று கேட்டேன். "நீங்க அவ்வளவு நேரம் பொறுத்து நின்னீங்க, பாவமா இருந்துச்சு. அப்புறம் பிடிச்சிக்கிட்டு நடந்தா நல்லாவும் இருந்துச்சு" என்றாள். நாளைக்கு நூலகத்துக்கு அவள் தனியாகப் போகிறாள். நான் வீட்டில் இருக்க வேண்டுமாம், ஜன்னல் பக்கம் போகக் கூடாதாம். இதற்கும் தங்களிடம் ஒரு வாசகம் இருந்தால் தயவுசெய்து காலை பத்து மணிக்குள் தொலைபேசியில் சொல்லவும்.