மாடியிலிருந்து ஒரு சொல்

புதுச்சேரி முழுவதிலும் இத்தனை குறைவாகப் பேசி இத்தனை பேரைக் குழப்பிய மனிதர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்தவர் என்பதால் தெருவே அவரை 'சொல்தா' என்றது. எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரருக்கு அதுதான் பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் நான் மளிகைக் கடை போட்டது அவர் குடியிருந்த மாடிக்கு நேர் கீழே.

முழங்காலில் பழைய குண்டடி. படி இறங்கமாட்டார். ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். கூடவே ஒரு சொல் இறங்கும். அதற்கு மேல் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

முதல் நாளே, "பூனை!" என்றார்.

தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்து, 'ஐயா' என்பதற்கு எங்கள் ஊர் பிரெஞ்சில் கூப்பிட்டேன். "முசியே, பூனையெல்லாம் நான் விக்கிறதில்லீங்க!"

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. கூடைக்குள் காலிப் பால் செம்பு கிடந்ததை அப்புறம்தான் கவனித்தேன். வீட்டுப் பாலைப் பூனை குடித்துவிட்டது. மனிதருக்கு டப்பா பால் வேண்டும். இதை நான் விளங்கிக்கொள்வதற்குள் அவர் காப்பி நேரம் போய்விட்டது.

அடுத்த வாரம் "மருமவன்!" என்றார். கூடையில் இரண்டு காலி டப்பாக்கள். நான் முழித்துக்கொண்டிருந்தபோது, கருவாடு போட வந்திருந்த வைத்திக்குப்பத்து அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாப்புள வந்துருக்காரு பாய்! காப்பித்தூளும் சக்கரையும் போட்டு அனுப்பு. இதக்கூடவா ஒருத்தரு விளக்கிச் சொல்லுவாரு?"

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. சொல்தா வேண்டிய பொருளைச் சொல்லவே மாட்டார்; அது வேண்டியதன் காரணத்தைச் சொல்வார். எந்தப் பொருள், எவ்வளவு என்பதைக் கூடையில் கிடக்கும் பாத்திரம் சொல்லும். என் கண்ணுக்குத் தெரிவதை அவர் எதற்கு வாயால் சொல்ல வேண்டும்? எனக்குத் தெரியாதது எதுவோ அது மட்டும்தான் கீழே வரும்.

அதன் பிறகு நான் முதலில் கூடையைப் பார்ப்பேன், பிறகுதான் காதைக் கொடுப்பேன். "பல்லு!" என்று குட்டிச் சிமிழ் வந்தால் கிராம்பு. "மழை!" என்று பாட்டில் வந்தால், கரண்டு போகப்போகிறது, மண்ணெண்ணெய். ஒருநாள் அதே "மழை!" வந்தது, கூடை வரவில்லை. கொஞ்சம் யோசித்தேன். கூடை இல்லையென்றால் அவருக்கு ஒன்றும் வேண்டாம். அப்படியானால் சேதி எனக்குத்தான். ஓடிப்போய் வாசலில் இருந்த மிளகாய் மூட்டைகளை உள்ளே இழுத்தேன். கடைசி மூட்டை உள்ளே வரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. மேலே ஜன்னலில் மீசை மெல்ல ஆடியது. சிரிப்பாகத்தான் இருக்கும்.

இப்படி நாங்கள் இருவரும் ஒரு பாஷைக்கு வந்துவிட்ட பிறகு, ஒரு மத்தியானம் மேலிருந்து சத்தம் வந்தது.

"கருவாடு!"

கடையில் உட்கார்ந்திருந்த அஞ்சலைக்கு ஒரே குஷி. "சொல்தா கருவாடு கேக்குறாரா? நல்ல வாளக் கருவாடா எடுத்துக் குடு பாய்!"

நானும் கையை நீட்டிவிட்டேன். நீட்டிய கை நின்றது. இந்த மனிதர் என்றைக்குப் பொருளின் பேரைச் சொல்லியிருக்கிறார்? வாசலுக்கு வந்து பார்த்தேன். கூடை இறங்கவில்லை. அவருக்கு வேண்டாம், சேதி எனக்கு. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று கருவாட்டில் இருக்கிறது. மாடி ஜன்னலில் சொல்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியானால் மேலே போயிருப்பது கருவாடு சுடும் வாசனை! கடையில் யார் கருவாடு சுடுகிறார்கள்? கருவாட்டு மூட்டை இருப்பது பின்னறையில்.

"அஞ்சல, பின்கட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

பின்னறையில் கருவாட்டுக் கோணி புகைந்துகொண்டிருந்தது. சந்திலிருந்து எவனோ வீசிய பீடி ஜன்னல் வழியாக விழுந்திருக்கிறது. பக்கத்திலேயே மண்ணெண்ணெய் டின்கள். அஞ்சலை குடத்தோடு வந்தாள். இரண்டு பேருமாகத் தண்ணீரை ஊற்றி அணைத்தோம். கடையும் பிழைத்தது, மேலே இருந்த சொல்தாவும் பிழைத்தார்.

நனைந்த கோணியை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து கேட்டேன். "முசியே, நெருப்புன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அன்றுதான் அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் கேட்டேன். "நெருப்ப நான் எங்க பாத்தேன்? வாசனதான வந்துச்சு!"

அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் என் மனைவி பிரியாணி செய்து தூக்குச்சட்டியில் கொடுத்தாள். கூடையில் வைத்து மேலே அனுப்பினேன். சற்று நேரத்தில் கூடை திரும்ப இறங்கியது.

"பத்தல!" என்றார்.

சட்டியைத் திறந்தேன். பிரியாணி வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. சோறு குறையவில்லை என்றால் வேறு எது குறைகிறது? சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக அந்த மாடிப்படி ஏறினேன்.

மேஜையில் இரண்டு தட்டுகள் போட்டிருந்தன. சொல்தா எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார். அதற்கு அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.