யாருக்கும் தொந்தரவு தராத பிரசாத்

உலகத்தில் தொந்தரவு தருகிறவர்களைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். தொந்தரவே தராத ஓர் இனம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதுவும் திறப்பதில்லை என்பதுதான் காரணம். "காபி சாப்பிடுறீங்களா?" என்றால் "இப்பதான் குடிச்சேன்" என்று பதில் வரும். "வண்டியில ஏறுங்க, விட்டுடறேன்" என்றால் "பரவாயில்லைங்க, பக்கத்துலதான்" என்று பதில் வரும். குடித்தும் இருக்காது, பக்கத்திலும் இருக்காது. இந்த இனத்தைச் சேர்ந்தவரைச் சொந்த ஊரில் வைத்து அடையாளம் காண முடியாது. அங்கே அம்மா, மாமா, பள்ளிக்கூடத் தோழன் என்று எல்லோரும் கேட்காமலே வந்து விழுந்துகொண்டிருப்பார்கள். தெரியாத ஊரில் தனியாகக் கொண்டுபோய் விட்டுப் பாருங்கள். அப்போதுதான் முழு உருவமும் தெரியும்.

அப்படிக் கொண்டுவந்து விடப்பட்டவர்தான் பிரசாத். அம்பத்தூர்க்காரர், முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி அவரைப் பெரம்பலூர் கிளைக்கு மாற்றியது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடி போர்ஷன் கிடைத்தது. கீழே வீட்டுக்காரர் நஜீமுதீன், லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி பாத்திமா பீவி. இருவரும் பேசக்கூடியவர்கள். அது போதாதா, பிரசாத் ஒதுங்குவதற்கு?

முதல் மாதம் நன்றாகத்தான் போயிற்று. சுதந்திரம்! ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடலாம், கேட்க ஆளில்லை. இரண்டாவது மாதம்தான் கேட்க ஆளில்லை என்பது வேறு மாதிரி ஒலிக்க ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆபீசை விட்டு வந்தவர் திங்கட்கிழமை காலை "குட் மார்னிங்" சொல்லும்போது தொண்டை கட்டியிருந்தது. இடையில் பார்சல் கொண்டு வந்தவனிடம் "ம்" என்று சொன்னதுதான் அந்த வாரக் கடைசியின் மொத்தப் பேச்சு. டிவியை ஓடவிட்டுக் குளிக்கப் போவார், வீட்டில் நாலு குரல் கேட்கட்டுமே என்று. சென்னை நண்பர்களின் வாட்ஸப் குழுவில் காலையில் ஒரு ஜோக் போட்டால் இரவுக்குள் இரண்டு கட்டைவிரல் வரும். அம்மா போன் செய்து சாப்பிட்டாயா என்பாள். சாப்பிட்டேன் என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. நன்றாக இல்லை என்று சொன்னால் அம்மா கவலைப்படுவாள். அதுவும் ஒரு தொந்தரவுதானே?

ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. ஆகவே நம்மாள் பஸ் பிடித்து அரியலூர் போவார். பிளாட்பார டிக்கெட் எடுத்து, ஒரு டீயோடு பெஞ்சில் உட்கார்ந்து, சென்னைக்குப் போகும் வண்டி வந்து நின்று கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி பஸ் ஏறி வந்துவிடுவார். அவர் வழியனுப்ப ஏறுகிறவரும் யாரும் இல்லை, வரவேற்க இறங்குகிறவரும் யாரும் இல்லை. அப்புறம் ஸ்டேட்டஸில் ஒரு ரயில் படம் போட்டு, தனிமை ஒரு வரம் என்று எழுதுவார். வரமாம்! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தது நமக்கு மட்டும் தெரியும்.

இந்த ஊர் ஜனங்கள் பழகுவதே இல்லை என்பது அவர் முடிவு. அப்படியா? ஆபீசில் பக்கத்து நாற்காலி கலையரசனைக் கேளுங்கள். வந்த முதல் வாரமே தன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டியவர் கலையரசன். பிரசாத் வேண்டாம் என்றார். மறுநாளும் நீட்டினார், மறுநாளும் வேண்டாம். மூன்றாம் நாள் நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம் என்று பிரசாத் மனதுக்குள் தீர்மானித்து, காலையில் அரைவயிறு சாப்பிட்டுக்கூட வந்தார். கலையரசன் மூன்றாம் நாள் நீட்டவில்லை. சொந்த ஊர் கீழப்பழுவூரில் கோயில் திருவிழா, கெடா வெட்டு, கட்டாயம் வாங்க என்று கூப்பிட்டதும் அவர்தான். "உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்" என்றார் பிரசாத். திங்கட்கிழமை ஆபீஸ் முழுக்க அந்தக் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. தன்னை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று நம்மாள் கம்ப்யூட்டர் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டார். சாயங்காலங்களில் ஸ்டேடியத்தில் ஷட்டில் ஆடுகிறவர்களை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார். ஒருநாள் ஒரு ஆள் குறைந்தது; அவர்கள் நாலாபுறமும் தேடினார்கள். நம்மாள் என்ன செய்தார்? குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

மூன்றாவது மாதம் சென்னைக்கே மாற்றல் கேட்டு ஒரு மெயில் தயார் செய்தார். பெற்றோர் உடல்நலம் என்று காரணம் எழுதினார். பெற்றோர் அந்த வாரம் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசித் திங்கட்கிழமை அனுப்பிவிட வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் ரம்ஜான் நோன்பு வந்தது. பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சுவார்கள். சாயங்காலம் சாதி மதம் பார்க்காமல் தெருவே பாத்திரத்தோடு போய் வரிசையில் நிற்கும். முதல் நாளே பாத்திமா பீவி ஒரு தூக்குவாளியில் கஞ்சி வாங்கி, மாடிக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆள் எதிரில் நின்று கொடுத்திருந்தால் பிரசாத் இப்போதுதான் குடித்தேன் என்றிருப்பார். தாழ்ப்பாளிடம் என்ன சொல்வது? குடித்தார். சுடச்சுட, பூண்டு வாசனையோடு, இரண்டு டம்ளர். நன்றாக இருந்தது, அதுதான் வம்பு. கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக்கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாளே. எதைப் போட்டுத் திருப்புவது? பிஸ்கட் பாக்கெட் என்றால் கேவலம். ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரி நினைவு வரும். கேசரி கிண்டிப் பார்த்தார்; அது அடிப்பிடித்து, வாணலியோடு குப்பைக்குப் போயிற்று. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று வாளியைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தார்.

மறுநாள் தாழ்ப்பாளில் இன்னொரு வாளி. அதற்கடுத்த நாள் ஒரு எவர்சில்வர் டப்பா, உள்ளே வடை வேறு. ஒன்றுக்கே வழி தெரியாதவர் மூன்றுக்கு எங்கே போவார்? வெட்கம் ஏற ஏறக் கீழ் வீட்டுக்காரர் கண்ணில் படாமலிருக்க வழி தேடினார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி படி இறங்கி, தெருமுனை போய்க் காலில் மாட்டிக்கொள்வார். அன்பாக இருந்த ஒரே வீட்டுக்கு எதிரில் திருடனைப் போல நடமாடினார், அதுவும் தொந்தரவு தரக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக.

அந்த வாரக் கடைசியில் பாத்திமா பீவியே மேலே வந்து கதவைத் தட்டினார். பிரசாத்துக்குப் பின்னால் அலமாரியில் பாத்திரமெல்லாம் பளபளவென்று வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, இதெல்லாம் எங்க வூட்டுதுல்ல?"

சும்மா கொடுக்கக் கூடாதென்றுதான் வைத்திருப்பதாக பிரசாத் மென்று விழுங்கினார்.

"அதுக்காவ இப்படிச் சிறை வப்பீங்களா? பாத்திரக்கடக்காரர் பொண்டாட்டி நான், நேத்து கஞ்சி வாங்கப் பிளாஸ்டிக் வாளிய எடுத்துட்டுப் போனேன். தெருவே சிரிக்குது." பிரசாத் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அந்த அம்மாள் நிறுத்தவில்லை. "நாங்க என்னா நெனச்சோம் தெரியுமா? நம்ம கஞ்சி இவருக்கு ஆவல போல, மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாம மூலையில கொட்டுறாருன்னு நெனச்சோம். கால் சத்தம் கூட காட்டாம போறீங்களே, நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

பிரசாத்துக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. தன் பணிவு என்று அவர் பாதுகாத்து வந்த பொருள் கீழ் வீட்டில் அவமரியாதையாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

"பதிலுக்கு ஏதாச்சும் செய்யணும்னா ஒண்ணு செய்யுங்க. அவருக்குக் கடைய வுட்டு வர முடியல, எனக்கு முட்டி வலி. நாளைலேர்ந்து நீங்க போயி கஞ்சி வாங்கிட்டு வாங்க."

மறுநாள் பிரசாத் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கஞ்சி வரிசையில் நின்றார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் சட்டை, கையில் இரண்டு தூக்குவாளி. அரைமணி நேரம் வரிசை நகரவில்லை. சும்மா நிற்கிறவனை இந்த ஊர் சும்மா விடுமா? எந்த ஊர், யார் வீட்டில் குடி, கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று முன்னாலும் பின்னாலும் விசாரணை நடந்தது. பின்னால் நின்ற ராஜராஜன் என்ற மெக்கானிக் தன் வாளியை இவர் கையில் திணித்து, எனக்கும் வாங்கிடுங்க சார் என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்கப் போனார். கேட்கவில்லை, அனுமதி வாங்கவில்லை, திணித்தார். இன்னொருவர் இவர் போனை வாங்கி மச்சானோடு சண்டை போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூன்று வாளியையும் சுமந்து, ஒன்றை மெக்கானிக்கிடம் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்த பிரசாத்துக்குத் தோள் வலித்தது. ஆனால் அன்றைக்கு டிவியைப் போட மறந்துவிட்டார். நாலு நாள் கழித்து ராஜராஜன் அவரை எதுவும் கேட்காமலே ஷட்டில் ஆடக் கூட்டிக்கொண்டு போனார். அதிலும் இவர் தோற்றது வேறு விஷயம்.

வாங்கிக்கொள்வது ஒருவழியாக வந்துவிட்டது. கேட்பது? அதுதான் மலை. சனிக்கிழமை சாயங்காலம் கலையரசன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, நம்மாள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஊருக்குப் போகிறீர்களா, நானும் வரட்டுமா என்று கேட்டேவிட்டார். கேட்டவுடனே காதெல்லாம் சிவந்துபோயிற்று.

கலையரசன் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

"சார், நீங்க சென்னைக்காரரு, எங்க கூடல்லாம் ஒட்ட மாட்டீங்கன்னு ஆபீசே முடிவு பண்ணி வச்சிருக்கு. நான் ரெண்டு தடவ டப்பாவ நீட்டி மொக்க வாங்குன ஆளு. இப்ப நெசமாதான் கேக்குறீங்களா?"

நிஜமாகத்தான் என்றார் பிரசாத்.

"அப்ப ஏறுங்க. ஆனா எங்கம்மா சோறு போடும்போது போதும்னு சொன்னீங்கன்னா திரும்பி வர்றப்ப பாதி வழியில எறக்கி வுட்டுடுவேன்."

போனார், தின்றார், வயிறு வெடிக்க. மாற்றல் மெயில் இன்னும் வரைவுப் பெட்டியிலேயே கிடக்கிறது. மாதக் கடைசித் திங்கட்கிழமை வந்தபோது அதை அவர் நினைக்கவே இல்லை. திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். கீழப்பழுவூரில் கை கழுவி எழுந்தவுடன் கலையரசனின் அம்மாவிடம், ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேம்மா என்றுதான் ஆரம்பித்தார். இரத்தத்தில் ஊறியது அவ்வளவு சுலபமாகப் போகுமா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் மாடிப்படியில் கனமான பையோடு மூச்சு வாங்க ஏறும்போது, எதிர்வீட்டுக்காரர் கை நீட்ட, பரவாயில்லை என்றது யார்? உடம்பு சரியில்லாதபோது நன்றாக இருக்கிறேன் என்று மெசேஜ் அனுப்பியது யார்? உங்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் நல்ல பெயர்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம். நீங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போன மறுமாதம் யாராவது வந்து, இங்கே குடியிருந்தாரே, எப்படிப்பட்டவர் என்று விசாரித்தால், எதிர்வீட்டம்மாள் நற்சான்றுதான் தருவாள். "தங்கமான மனுசன்ங்க, ஒரு தொந்தரவு கெடயாது. இருந்ததே தெரியாது. பேருதான் என்னமோ… ஏங்க, மாடியில இருந்தாரே, அவரு பேரு என்னாங்க?"