சம்பந்திகளின் மிகை இணக்கம்

"மோதிரம் மாத்தாம, எல்லாரும் எழுந்து நின்னு ஒரு பாட்டுப் பாடாம என் பையன் கல்யாணம் நடக்கக் கூடாது. அவ்வளவுதான்!"

அம்மா கரண்டியைச் சிங்க்கில் போட்ட வேகத்தில் தண்ணீர் தெறித்து மகளின் மடிக்கணினி மேல் விழுந்தது.

மேசையில் கிடந்த, மாப்பிள்ளையாகப் போகிற தம்பியின் செல்போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதிலிருந்து பெண்ணின் அம்மா அதே சுருதியில் பதில் சொன்னார்.

"சம்பந்தி, அதெல்லாம் பிறகு. அக்கினி வளர்த்து, ஏழு அடி நடந்து, ஆரத்தி சுத்தாம என் பொண்ணை நான் அனுப்ப மாட்டேன்!"

இதில் விசேஷம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிற குடும்பம் பெண் வீடு. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற குடும்பம் மாப்பிள்ளை வீடு. இவர்கள் மோதிரம் கேட்கிறார்கள், அவர்கள் ஆரத்தி கேட்கிறார்கள்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "உலகத்துல எல்லாரும் தன் வழக்கத்துக்காகத்தான் சண்டை போடுவாங்க. இவங்க மத்தவங்க வழக்கத்துக்காகச் சண்டை போடுறாங்க. அடிக்குறிப்பு, நீதான் ஏதாவது பண்ணணும்."

அடிக்குறிப்பு என்பது அவன் அக்காவுக்கு வைத்த பெயர். எதைச் சொன்னாலும் யார் எழுதியது, எந்தப் பக்கம் என்று சேர்த்துச் சொல்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? உண்மைப் பெயர் எந்த மதத்துக்கும் பொருந்துகிற பொதுப் பெயர். 'எவ்வளவு தேடினா இப்படி ஒரு சப்பைப் பெயர் கிடைச்சுது?' என்று அவள் பள்ளி நாளிலேயே அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறாள்.

இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். தலைப்பு, புலம்பெயர்ந்த குடும்பங்களில் மதம் கடந்த திருமணம். அடையாளத்தையும் சடங்கையும் அவர்கள் எப்படிப் பேசித் தீர்க்கிறார்கள் என்று மற்றவர்கள் எழுதிய ஆய்வுகளையெல்லாம் படித்து, சலித்து, ஒன்றாகத் தொகுப்பது இப்போதைய வேலை. ஒரே கட்டுரை இரண்டு தளங்களில் வந்திருந்தால் ஒன்றைத் தள்ள வேண்டும். சுருக்கத்தைப் படித்துச் சம்பந்தமில்லாததைத் தள்ள வேண்டும். மிச்சத்தை முழுக்கப் படித்து, வரிக்கு வரி நிறம் பூசி, எந்த நிறம் எங்கே திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும்.

"நம்ம வீட்டுக் கல்யாணத்தையே எழுதிடேன்" என்று தம்பி முன்பே சொல்லிப் பார்த்தான்.

"உன் கல்யாணத்தை வேணா பின்னாடி பார்க்கலாம். நம்ம வீடு தகுதியில்லை. ஒரே மதக் குடும்பம். விலக்கு விதியில அடிபட்டுப் போயிடும்."

பிறந்த வீட்டோடு எப்போதோ உறவு விட்டுப்போன அம்மா அன்று அதைக் கேட்டு, "ஏண்டி, ஒண்ணு சொல்லட்டுமா..." என்று ஆரம்பித்தார்.

"அம்மா, படிக்கிறப்போ பேசாதே" என்றுவிட்டாள்.

இன்று சிங்க்குக்கு முன்னால் நின்றுகொண்டு அம்மா மறுபடி ஆரம்பித்தார். "நான் ஏன் மோதிரம் கேக்குறேன்னா..."

"தெரியும்மா. இதுக்குப் பேரு மிகை இணக்கம். அவங்க மனசு நோகக் கூடாதுன்னு நீ விட்டுக்கொடுக்கிற. உன் மனசு நோகக் கூடாதுன்னு அவங்க விட்டுக்கொடுக்கிறாங்க. வாசப்படியில 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல'ன்னு நின்னு ரயிலை விடுற மாதிரி. வெளிப்படையாப் பேசினா சரியாயிடும். மூணு கட்டுரையில இருக்கு."

பேச்சோடு நிற்கவில்லை. பெண்ணின் அம்மாவுக்கே போன் போட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி, எங்களுக்காக நீங்க எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆரத்தி, அக்கினி எதுவுமே இல்லாட்டியும் எங்களுக்குச் சந்தோஷம்தான்."

மறுமுனையில் ஒரு பாத்திரம் ணங்கென்று கீழே வைக்கப்பட்டது.

"அப்போ என் பொண்ணுக்கு ஆரத்தி எடுக்கிற தகுதி எனக்கு இல்லேன்னு சொல்றியாம்மா?"

"ஐயோ ஆன்ட்டி..."

போன் அணைந்தது. திரும்பிப் பார்த்தால், அம்மா வெங்காயமும் கத்தியுமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெங்காயம் இன்னும் தோல்கூட உரிக்கப்படாமல் இருந்தது.

அடிக்குறிப்பு மனம் தளரவில்லை. ஆய்வுகள் காட்டுகிற அடுத்த வழி, இரண்டு பக்கத்துச் சடங்கையும் விட்டுவிடுவது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு சாப்பாடு. யாருக்கும் வெற்றியில்லை, யாருக்கும் தோல்வியில்லை.

இதைச் சொன்னதும் அதிசயம் நடந்தது. இரண்டு அம்மாக்களும் முதல்முறையாக ஒரே கட்சியானார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிட இது என்ன பேங்க் லோனா?" என்றார் பெண்ணின் அம்மா.

"சம்பந்தி சரியாச் சொன்னீங்க. வளர்த்த பையனைக் கூரியர் மாதிரி கையெழுத்து வாங்கிட்டுக் குடுக்கணுமாம்!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

ஒற்றுமை ஐந்து நிமிடம் நீடித்தது. 'சரி, ரெண்டு முறையிலயும் நடத்துவோம்' என்றார்கள். எது முதலில் என்ற கேள்வி வந்தது. முதலில் நடப்பதுதான் உண்மையான கல்யாணம், அடுத்தது வெறும் வேடிக்கை என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்று அடிக்குறிப்பு ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டினாள். அதுவரை அப்படி யோசித்தே பார்க்காத இருவரும் உடனே அப்படி யோசிக்கத் தொடங்கினார்கள்.

போதகரிடம் போனாள். "மாப்பிள்ளை ஞானஸ்நானம் எடுக்காததால எங்க சபையில முழுத் திருமண ஆராதனை நடத்த முடியாதும்மா. மண்டபத்துக்கு வந்து மோதிரத்தை ஆசீர்வதிச்சு ஜெபம் பண்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் என்கிட்ட ஆலோசனை வகுப்புக்கு வரணும்."

புரோகிதரிடம் போனாள். "பொண்ணுக்குக் கோத்திரம் தெரியலைன்னா பரவாயில்லை, பொதுவா ஒண்ணு சொல்லிச் சேர்த்துக்கலாம். ஆனா கன்னிகாதானம்னா பொண்ணைப் பெத்தவங்க மனசார உக்காந்து தாரை வார்த்துக் குடுக்கணும். ஒப்புக்கு உக்காந்தா நான் மந்திரம் சொல்ல மாட்டேன்."

இரண்டு பேரும் நியாயஸ்தர்கள். அதுதான் சிக்கல். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

தாலி இரண்டு பக்கமும் உண்டு என்று எல்லாரும் ஒரு கணம் மகிழ்ந்தார்கள். அதில் என்ன சின்னம் கோப்பது என்று நகைக்கடைக்காரர் கேட்டதும் அந்த மகிழ்ச்சியும் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா சிலுவை என்றார். பெண்ணின் அம்மா கூடவே கூடாது என்றார்.

மறுநாள் பெண்ணின் அம்மா, "மனசு ஒத்துவர்ற வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளி வைப்போம்" என்று சொல்லிவிட்டார்.

கல்யாணப் பெண் அழைத்தாள். "அண்ணி, கல்யாணம் நின்னுட்டா உங்க ஆய்வுல எனக்கும் ஒரு அடிக்குறிப்பு போடுவீங்கல்ல?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. பின்னால், தம்பி மண்டபக்காரரிடம் தேதியை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சுவது கேட்டது. அடிக்குறிப்பு படித்துக்கொண்டிருந்த கட்டுரையை மூடினாள். கட்டுரைகளில் வருகிறவர்கள் யாருக்கும் குரல் உடைந்ததில்லை.

அடிக்குறிப்பின் வழிகாட்டிப் பேராசிரியையும் அன்றே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "நல்லாத் தொகுத்திருக்கீங்க. பெண்கள்தான் சடங்கைச் சுமக்கிறாங்க, கல்யாணத்தை விடக் குழந்தைக்குப் பேர் வைக்கிறப்போதான் உரசல் வருது, எல்லாம் சரி. ஆனா இடைவெளி எங்கே? இந்த ஆய்வாளர்கள் எல்லாருமே புதுசாக் கல்யாணம் ஆனவங்களைத்தான் பேட்டி எடுத்திருக்காங்க. அவங்களே வயசாகி, தன் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்றப்போ என்ன ஆகுதுன்னு யாருமே பார்க்கலையே?"

"அப்படிப்பட்ட குடும்பம் கிடைக்கிறது கஷ்டம், மேடம்."

"தேடுங்க."

தேடுவதற்கு நேரமில்லை. முதலில் கல்யாணத்தைக் காப்பாற்ற வேண்டும். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள் தன் கடைசித் திட்டத்தை வெளியிட்டாள். அம்மா வழக்கம்போல் முதல் கவளத்துக்கு முன் கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்கார்ந்தார். உப்பு சரியாக இருக்க வேண்டுமே என்ற கவலை என்று அடிக்குறிப்பு சின்ன வயதிலிருந்தே நினைத்திருந்தாள். அப்பா சாமி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த வீட்டில் விளக்கு அப்பாவின் இலாகா.

"வேலையைப் பிரிச்சுடுவோம். நம்ம பக்கத்துச் சடங்குக்கு அம்மா பொறுப்பு. அவங்க பக்கத்துக்கு ஆன்ட்டி பொறுப்பு. ஒருத்தர் விஷயத்துல ஒருத்தர் தலையிடக் கூடாது. நாளைக்கு மண்டபத்துல ஒத்திகை."

"ஏண்டி, அதுக்கு நான் என்ன சொல்றேன்னா..."

"ஒத்திகையில சொல்லும்மா."

மண்டபத்தில் காலி நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்தது. பெண்ணின் அப்பா ஒரு ஓரத்தில் மாப்பிள்ளையின் அப்பாவோடு பிளாஸ்க் காப்பியைப் பகிர்ந்துகொண்டிருந்தார். நிச்சயம் ஆன நாளிலிருந்து அந்த இரண்டு மனிதர்களும் வாயைத் திறந்ததில்லை. திறந்தாலும் காப்பிக்குத்தான்.

"அம்மா, நீ ஆரத்தி எடு" என்றாள் அடிக்குறிப்பு.

அம்மா தட்டை வாங்கினார். வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று, பிறகு மேலும் கீழும். மஞ்சள் நீர் மாப்பிள்ளையின் சட்டையில் வழிந்தது.

"அம்மா! என்ன இது, ஸ்டியரிங் பிடிக்கப் பழகுற மாதிரி?" என்றான் தம்பி.

"ஆன்ட்டி, நீங்க பாட்டை ஆரம்பிங்க" என்றாள் அடிக்குறிப்பு.

பெண்ணின் அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். முதல் வரியில் இழுத்தார். இரண்டாம் வரியில் ராகம் வேறெங்கோ போய்விட்டது. மூன்றாம் வரியில் இருமினார்.

அடிக்குறிப்பின் கண்ணில் நீர் முட்டியது. தம்பி வழிந்த சட்டையோடு கல்யாணப் பெண்ணைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

அப்போது பெண்ணின் அம்மா பொறுக்க முடியாமல் எழுந்தார்.

"சம்பந்தி, தட்டை இங்க குடுங்க. பார்க்கச் சகிக்கலை."

"எடுத்துக்குங்க. அந்தப் பாட்டுப் புத்தகத்தை மூடுங்க. கேக்கச் சகிக்கலை."

பெண்ணின் அம்மா தட்டை ஏந்தி மூன்று முறை சுற்றினார். ஒரு துளி சிந்தவில்லை. விரலில் தொட்டு மணமக்கள் நெற்றியில் வைத்த வாகு, பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கைக்குத்தான் வரும். மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடி, புத்தகம் இல்லாமல், அந்தப் பாட்டை நாலு சரணமும் பாடினார். மேல் ஸ்தாயியில் குரல் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. பாடி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கட்டிக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடி சிரித்தார்கள்.

"எது முதல்ல வேணா நடக்கட்டும், சம்பந்தி" என்றார் ஒருவர்.

"தாலியில ரெண்டையும் கோத்துடுவோம்" என்றார் மற்றவர்.

தம்பி ஓடிப்போய் மண்டபக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினான். கல்யாணப் பெண் அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அடிக்குறிப்பு பரபரப்பாக மடிக்கணினியைத் திறந்தாள். "பார்த்தீங்களா? என் திட்டம் பலிச்சுடுச்சு! ரெண்டு தாய்மார்களும் அடுத்தவங்க சடங்கை எவ்வளவு சீக்கிரமா, எவ்வளவு கச்சிதமாக் கத்துக்கிட்டாங்க! இப்படி ஒரு கற்றல் வேகத்தை எந்த ஆய்வுலயும் நான் படிச்சதில்லை!"

பெண்ணின் அப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"புதுசாக் கத்துக்கலம்மா, உங்கம்மா பொறந்து வளர்ந்தது சபைக்குப் போற குடும்பத்துல, என் வீட்டுக்காரி பொறந்து வளர்ந்தது விளக்கேத்துற குடும்பத்துல, முப்பது வருஷத்துக்கு முன்னாடி அவங்கவங்க கல்யாணத்துல விட்டுக்கொடுத்ததைத்தான் இன்னைக்கு ரெண்டு பேரும் திரும்ப வாங்கிக்கிறாங்க."