மைனஸ் ஐந்தும் தொண்ணூத்தெட்டு நாலும்

உலகத்தில் எந்த மனிதரையும் பார்த்தவுடன் அவருடைய உடம்புச் சூட்டைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் எங்கள் கம்பவுண்டர்தான். மதுரை கே.கே. நகரில் எங்களுக்கு எதிர்வீடு. ஒரு டாக்டரிடம் இருபது வருஷம் மருந்து கலந்து கொடுத்தவர். "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டால் மற்றவர்கள் "ஏதோ இருக்கேன்" என்பார்கள். அவர் "தொண்ணூத்தெட்டு நாலு" என்பார். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

சட்டைப்பையில் எப்போதும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருக்கும். காப்பி ஆறிவிட்டதென்று டீக்கடைக்காரரோடு தகராறு வந்தபோது, அதை எடுத்து டம்ளருக்குள் விட்டுவிட்டார். காய்ச்சல் தெர்மாமீட்டருக்கு நூற்றெட்டோடு சரி. டப்பென்று உடைந்து பாதரசம் காப்பிக்குள் போனது. "சூடாத்தான் இருந்திருக்கு" என்று ஒப்புக்கொண்டு, காப்பியைக் கீழே ஊற்றிவிட்டு வந்தார்.

அவருடைய பெரிய சண்டை ரேடியோவோடு. செய்தியில் செல்சியஸில் சொல்வது அவருக்கு ஆகாது. "மதுரையில் முப்பத்தொன்பது டிகிரி" என்று முடிப்பதற்குள் மனக்கணக்கு ஓடும். ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டி, தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பார்: "நூத்திரெண்டு புள்ளி ரெண்டு. ஊருக்கே காய்ச்சல் தம்பி." இந்தக் கணக்கில் அவர் தவறியதே இல்லை.

அவருடைய ஒரே மகன் செல்வம், எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்காலர்ஷிப் கிடைத்துக் கனடாவுக்குப் படிக்கப் போனான். பாதியில் திரும்பினால் ஸ்காலர்ஷிப் அதோடு சரி. முதல் குளிர்காலத்தில் அவனிடமிருந்து நீல ஏர்மெயில் ஒன்று வந்தது. வாசலில் நின்று கம்பவுண்டர் சத்தமாக வாசித்தார். அக்கா, அதாவது அவர் மனைவி, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு, இன்று இங்கே மைனஸ் ஐந்து டிகிரி. அப்பாவின் கணக்கில் இருபத்து மூன்று பாரன்ஹீட். வெயில் பளிச்சென்று அடிக்கிறது, ஆனால் அதில் சூடு இல்லை. மூச்சு விட்டால் புகை வருகிறது. காது முதலில் வலிக்கிறது, பிறகு இருக்கிறதா என்றே தெரிவதில்லை. கையுறையைக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் விரல் சொன்ன பேச்சு கேட்காது, பொத்தான் போட முடியாது. காற்று அடித்தால் அதே மைனஸ் ஐந்து, மைனஸ் பத்து மாதிரி இருக்கும். வழியில் தேங்கிய தண்ணீர்மேல் கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருக்கிறது, மிதித்தால் நொறுங்குகிறது. அறைக்குள் வந்துவிட்டால் பனியனோடு உட்காரலாம், அவ்வளவு கதகதப்பு. காற்று காய்ந்துபோய், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று ஒரு பொறி அடிக்கிறது. விடுதியிலிருந்து வகுப்புக்குப் பதினோரு நிமிஷ நடை. கவலைப்பட வேண்டாம்."

கம்பவுண்டர் வாசிப்பதை நிறுத்தினார். உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. பிறகு முகம் வெளுத்தது.

"தம்பி, அஞ்ச ஒம்பதால பெருக்கு. அஞ்சால வகு. எம்புட்டு?"

"ஒம்பதுண்ணே."

"முப்பத்திரெண்டக் கூட்டு."

"நாப்பத்தொண்ணு."

"இவன் இருபத்து மூணுன்னு எழுதிருக்கான். இன்ஜினீயரிங் படிக்கிறவன் பதினெட்டு டிகிரி தப்பா எழுதுறான்னா என்ன அர்த்தம்?"

எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. டாக்டரின் தடிப் புத்தகத்தில் படித்திருக்கிறார்: உடம்பில் குளிர் ஏறினால் முதலில் குழம்புவது மூளை. "புள்ளைக்கு மூளையில குளிர் ஏறிருச்சு" என்றார். அக்கா அழத் தொடங்கினார்கள்.

அன்று மத்தியானமே தந்தி கொடுத்து அவனை வரவழைப்பதென்று முடிவானது. அந்தக் காலத்தில் வெளியூர்ப் பிள்ளையை வரவழைக்க ஊரே கொடுக்கும் தந்தி ஒன்று உண்டு. "அம்மா சீரியஸ், உடனே வா." அக்காவே அப்படிக் கொடுக்கச் சொன்னார்கள். கம்பவுண்டர் தெர்மாமீட்டரை எடுத்து அக்காவின் நாக்கடியில் வைத்துப் பார்த்தார்.

"நார்மலா இருக்கு. நான் எப்பிடிப் பொய் எழுதுவேன்?"

கடைசியில் எழுதியது: "கணக்குத் தவறு. உடனே புறப்படு."

படிவத்தோடு கிளம்பியவரின் சைக்கிளுக்குப் பின்னால் நானும் என் சைக்கிளை விட்டேன். செல்வத்துக்கு அடுத்த மாதம் பரீட்சை. வழி நெடுக எனக்கு அந்த ஏடு கட்டிய தண்ணீர் ஞாபகமே.

"அண்ணே, நாப்பத்தொண்ணுல தண்ணி உறையுமா?"

"உறையாது. முப்பத்திரெண்டுல உறையும்."

"அப்ப ஏடு கட்டிருக்குன்னு எழுதிருக்கானே?"

"அதையும் கொழம்பித்தான் எழுதிருக்கான். பாவம்."

நல்லவேளையாகத் தந்தி ஆபீசுக்கு முன்னால் ஐஸ் பேக்டரி வந்தது. அங்கே மிஷின் பார்க்கும் பாண்டி எனக்குப் பழக்கம். கம்பவுண்டரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். அமோனியா நெடி மூக்கைக் குத்தியது. பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர், அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகள். உப்புத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தும் உறையாமல் ஓடும், பெட்டிக்குள் இருக்கும் நல்ல தண்ணீர்தான் கட்டியாகும் என்று பாண்டி விளக்கினான்.

"நாப்பத்தொண்ணுல ஐஸ் கட்டுமாப்பா?" என்று கம்பவுண்டர் பாண்டியிடம் கேட்டார்.

"நாப்பத்தொண்ணுல கலர் சோடாதான் ஜில்லுன்னு இருக்கும் கம்பவுண்டரே. இங்கன பாருங்க."

சுவரில் ஒரு நீளமான தெர்மாமீட்டர். இடது பக்கம் செல்சியஸ், வலது பக்கம் பாரன்ஹீட். இடப்பக்கத்துப் பூஜ்யத்துக்கு நேரே வலப்பக்கம் முப்பத்திரண்டு. பூஜ்யத்துக்கு மேலே ஐந்துக்கு நேரே நாற்பத்தொன்று. பூஜ்யத்துக்குக் கீழே ஐந்துக்கு நேரே இருபத்து மூன்று.

கம்பவுண்டர் அந்தப் பூஜ்யத்தில் விரலை வைத்து மேலே ஒரு தடவை போனார், கீழே ஒரு தடவை போனார். மதுரையில் பிறந்து மதுரையிலேயே வெந்த மனிதர். பூஜ்யத்துக்குக் கீழே அவருக்கு வேலையே வந்ததில்லை. ஒன்பதைக் கூட்டியிருக்கிறார். மைனஸ் என்றால் முப்பத்திரண்டிலிருந்து கழிக்க வேண்டும்.

"கொழம்புனது நாந்தான்" என்றார். தந்திப் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவர் நகரவில்லை. "இருபத்து மூணு எங்கயாச்சும் இருக்கா?" என்று பாண்டியிடம் கேட்டார். ஐஸ் கட்டிகளை அடுக்கும் அறை இருபத்து நாலில் இருந்தது. வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக உள்ளே போய், ஒரு டிகிரி இறங்கட்டும் என்று காத்திருந்தார். நான் எட்டிப் பார்க்கக் கதவைத் திறந்தபோது திட்டினார். "சாத்து தம்பி. ஏறிரும்."

இறங்கிய பிறகு பதினோரு நிமிஷம் நின்றார். வெளியே வந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றித் திரும்பப் போட முயன்றார். விரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

"மூச்சுல பொகை வருது. காது இல்ல. எல்லாம் சரியா எழுதிருக்கான்" என்றார். பிறகு, "கொறச்சுத்தான் எழுதிருக்கான் தம்பி. நம்ம பயப்படுவோம்னு" என்றார். கண் கலங்கியிருந்தது.

அக்காவிடம் "பையன் நார்மல்" என்று மட்டும் சொன்னார். அக்கா அன்று சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு செல்வம் அங்கே இருந்த ஒவ்வொரு குளிர்காலத்திலும், எந்தக் கடிதம் வந்தாலும் கம்பவுண்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஸ் பேக்டரிக்குப் போவார். மைனஸ் பன்னிரண்டு என்று ஒருமுறை எழுதியிருந்தான். பாண்டியிடம் அவ்வளவு குளிர் இல்லை. "இருக்கிறத வச்சுப் பாப்போம்" என்று உள்ளே போய், பதினோரு நிமிஷத்துக்குப் பதில் இருபது நிமிஷம் நின்றார்.

செல்வம் படிப்பை முடித்துத் திரும்பி வந்து, கம்பவுண்டரும் போய்ச் சேர்ந்து, வெகு காலமாகிவிட்டது. அவன் நடந்த குளிரில் அவன் அப்பாவும் கூடவே நின்றார் என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. இதோ, நான் சொல்லிவிட்டேன்.