கூட்ஸ் வண்டியில் அரைத்த சட்னி

பெரிய பொய் எதுவும் நான் சொன்னதில்லை. அதற்கெல்லாம் ஒரு துணிச்சல் வேண்டும். நான் சொன்னதெல்லாம் சில்லறைப் பொய்கள். யார் குடியும் கெடாது, காலையில் கொஞ்ச நேரம் கூடத் தூங்கலாம், அவ்வளவுதான். இந்த ரகத்தில் என்னை அடித்துக்கொள்ள ஓசூரில் ஆளே கிடையாது என்ற கர்வமும் இருந்தது.

திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்து, சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் ஷிஃப்ட் என்றால் கம்பெனி பஸ் விடியும்போதே ஸ்டாப்புக்கு வந்துவிடும். எனக்கோ விடியற்காலை என்பது தூக்கம் ருசியாக இருக்கும் நேரம். (இன்றைக்கும் அப்படித்தான். திருந்தியது வாய் மட்டும்.)

பஸ்ஸின் முதல் சீட்டில் நரசம்மா அக்கா உட்கார்ந்திருப்பார். கெலமங்கலத்துக்காரர், எங்கள் லைன் லீடர். வீட்டில் தெலுங்கு, டிரைவர் மஞ்சண்ணாவிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் அவர் சொன்னால் சொன்னதுதான். நான் வராவிட்டால் போன் செய்வார்.

“எங்கம்மா இருக்கிற?”

“ரயில்வே கேட்டுலக்கா! கேட்டு போட்டுட்டான்!”

அக்கா உடனே பஸ்ஸை நிறுத்தி வைப்பார். நான் போர்வையை மடிப்பேன். கேட் சலித்துப்போனால் ஷேர் ஆட்டோ பங்க்சர். அதுவும் சலித்தால் மாமியாருக்குக் காய்ச்சல். ஒருநாள் பஸ்ஸில் யாரோ முணுமுணுத்தபோது, “அந்தப் பொண்ணு பொய் சொல்லாதுப்பா” என்று அக்கா எனக்காகச் சண்டையே போட்டிருக்கிறார். கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பொன்னான நாளில் நான் பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வீட்டுக்காரர் தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியை ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா போன் வந்தது. வாயில் நுரையோடு கேட் புராணத்தை ஆரம்பித்தேன்.

“அது என்னம்மா அவ்ளோ சத்தம்?”

“கூட்ஸ் வண்டிக்கா! போகுது போகுது, போயிக்கிட்டே இருக்கு!”

சொன்னதோடு விட்டேனா? கை காட்டி, மிக்சியை இன்னும் வேகமாக வைக்கச் சொன்னேன். வண்டி நீளமாயிற்றே!

“சரி. கொஞ்சம் கீழ பாரு” என்றார் அக்கா.

பார்த்தேன். மெயின் ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்ததால் அன்றைக்கு பஸ்ஸை எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். நேர் கீழே பஸ் நின்றது. எல்லா ஜன்னலிலும் தலை. முதல் ஜன்னலில் அக்கா, காதில் போனோடு. மிக்சி நின்றது. எனக்கென்று வாய்த்தவர் உள்ளேயிருந்து, “உப்பு போதுமான்னு வந்து பாரு!” என்று கத்தினார்.

அக்கா நிதானமாகக் கேட்டார்: “கூட்ஸ்ல என்ன சட்னி?”

பஸ்ஸே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அதன்பிறகு அக்கா என்னிடம் வேலை மட்டும்தான் பேசினார். நான் மெஷின் சரியாக ஓடுகிறது என்றால், தானே வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார். எனக்குச் சுருக்கென்றது. ஒருநாள் இரவு, “எல்லாத்துக்கும் சாரிக்கா” என்று எழுதி, கும்பிடும் கைகளை ஒரு வரிசை போட்டு அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள் கேன்டீனில் பிடித்துக்கொண்டேன்.

“எதுக்கு சாரி?” என்றார்.

“எல்லாத்துக்குந்தான்க்கா.”

“எல்லாம்னா எது எது?”

நான் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தேன்.

“பொய் சொல்றப்ப மட்டும் ஒண்ணொண்ணா, ஜோடிச்சு சொன்ன. சாரி மட்டும் மொத்தமாவா? அங்க நைட்டு ஷிஃப்ட்ல கௌரி, நீ வந்து மாத்தி விட்டாதான் மெஷின விட்டு நகர முடியும். வீட்ல பால் குடிக்கிற குழந்தை. நீ தூங்கினப்ப எல்லாம் அது அழுதுச்சு. தெரியுமா உனக்கு?”

தெரியாது. யார் குடியும் கெடாது என்றல்லவா நினைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போய் மறுபடி எழுதினேன். சமையல் வேலை, தூக்கக் குறைவு, கேட் நிஜமாகவே மூடிக்கிடந்த ஒருநாள் என்று நீண்டுகொண்டே போனது. வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, “என்னத்த எழுதிருக்க? மன்னிப்பு மாதிரியே தெரியலயே. பாதி ரயில்வேக்காரன் மேல புகார்லா இருக்கு” என்றார். கோபம் வந்தது. ஆனால் மனுஷர் சொன்னது சரி. ‘ஆனால்’ வந்த வரிகளை எல்லாம் அழித்தேன். மிஞ்சியது இதுதான்:

“அக்கா, நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். கேட்டுல நிக்கிறேன்னு சொன்னப்ப வீட்ல இருந்தேன். ஆட்டோ பங்க்சர்னது பொய், நான் ஆட்டோவுல ஏறவே இல்ல. மாமியாருக்குக் காய்ச்சல்னது பொய், அவங்க ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தாங்க. கூட்ஸ் வண்டி எங்க வீட்டு மிக்சி. உண்மையான காரணம், தூங்கினேன். நீங்க பஸ்ஸை நிறுத்துவீங்கன்னு தெரிஞ்சேதான் தூங்கினேன். அதனால கௌரி நின்னா, மஞ்சண்ணா பேச்சு வாங்கினாரு, எனக்காக நீங்க பேசின பேச்சு கெட்டுச்சு. இனி எனக்காக பஸ்ஸை நிறுத்தாதீங்க. லேட்டுன்னா லேட்டுன்னே சொல்லுவேன். என்னை உடனே நம்பணும்னு கேக்கல.”

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பதில் ஒரே சொல்: “படிச்சேன்.” மறுநாள் கௌரியிடமும் மஞ்சண்ணாவிடமும் நேரில் சொன்னேன். மஞ்சண்ணா தலையாட்டினார். கௌரி, “இனிமே சீக்கிரம் வா, போதும்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் இன்னும் விவரம் பத்தவில்லை. அக்கா போன் செய்தால், “எங்க இருக்கிற? போட்டோ அனுப்பு” என்பார். ‘இன்னுமா நம்பல?’ என்று நாக்கின் நுனி வரை வரும். விழுங்கிவிட்டுப் போட்டோ அனுப்புவேன். சந்தேகப்படுவது அவர் உரிமை, நான் சம்பாதித்துக் கொடுத்தது. ஒருநாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். மாமியாருக்குப் புது நோய் ஒன்று வாய் வரை வந்தது. “தூங்கிட்டேன்க்கா. நீங்க போங்க” என்று எழுதினேன். பஸ் போய்விட்டது. டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு அக்கா முதல் தடவையாக, “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

மாதங்கள் ஓடின. போட்டோ கேட்பது எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுபோனது. பிறகு ஒரு காலை, நேரத்தோடு கிளம்பியும் என் ஆட்டோவின் மூக்குக்கு நேரே கேட் விழுந்தது. வந்தது கூட்ஸ். சத்தியமாகக் கூட்ஸ்! நடுவில் நின்றும் தொலைத்தது. உலகத்தில் யார் நம்புவார்கள்? வேறு நம்பும்படியான பொய் ஏதாவது சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். பிறகு உள்ளதையே எழுதினேன்: “கேட் போட்டிருக்குக்கா. கூட்ஸ் நிக்குது. நீங்க போங்க.”

வியர்க்க விறுவிறுக்க நான் லைனுக்குள் ஓடியபோது என் மெஷினில் கௌரி இல்லை. லைன் லீடர் நரசம்மா அக்கா கையுறை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். கௌரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். என்னைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினார்.

“கூட்ஸ்ல என்ன சட்னி?”

இந்தத் தடவை அக்கா சிரித்தார். லைனே சிரித்தது. நான் மட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாரும் சட்னி அரைப்பதில்லை, கூட்ஸ்தான் விடுவோம். என் மகள் வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்றால், அவள் அப்பா காதில் கைவைத்து, “மிக்சி சத்தம் கேக்குதே?” என்பார். சிரிக்கட்டும். அந்த நிஜக் கூட்ஸ் நாளில், பஸ்ஸில் அக்கா என் செய்தியைப் படித்துச் சொன்னதும் யாரோ, “மறுபடியும் கூட்ஸா?” என்று நக்கலடித்தாராம். அதற்கு அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னதை மஞ்சண்ணா பிறகு எனக்குச் சொன்னார்:

“அவ கூட்ஸ்னு சொன்னா கூட்ஸ்தான். வண்டிய எடுங்க.”