கொஞ்சம் தனியா

அன்று சாயங்காலம் படியேறும்போதே முடிவு பண்ணிவிட்டேன். இன்றைக்குச் சொல்லியே தீருவது. கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஒரு வாக்கியத்தையாவது முழுசாகப் பேசி முடிப்பது.

எனக்கு உத்தியோகம் குடிநீர் அலுவலகத்தில், புகார் ஜன்னலில். காலை ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை ஊரே அந்த ஓட்டை வழியாக என்னைத் திட்டும். நான் "சரிங்க", "எழுதிக்கிறேங்க", "அடுத்து!" என்பேன். வீடு திரும்பும்போது யாராவது மணி கேட்டால்கூட அழுகை வரும்.

என் மனைவிக்கு வீட்டிலேயே தையல். பகல் முழுக்க அவளோடு பேசுவது மெஷின் ஒன்றுதான். அதற்கும் ஒரே வார்த்தைதான் தெரியும். ஆக, நான் காலியாக வருவேன், அவள் நிரம்பிக் காத்திருப்பாள். பேசப் பேச அவளுக்குத் தெம்பு ஏறும். கேட்கக் கேட்க எனக்கு இறங்கும்.

"எனக்கு... கொஞ்சம்... தனியா..." என்று ஆரம்பித்தேன்.

"தனியாவா? ரெண்டாவது தட்டுல, மூடி உடைஞ்ச டப்பாவுல இருக்கு. எதுக்குங்க, பித்தமா?"

"அந்தத் தனியா இல்லடி! நான் தனியா இருக்கணும்!"

மெஷின் நின்றது.

"தனியான்னா? என்னை விட்டுட்டா?"

அரை மணி நேரத்தில் மாமியார் போனில் அழுதார். மச்சினன் நேரிலேயே வந்துவிட்டான். எதிர்வீட்டு அக்கா ஆறுதல் சொல்ல வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். தனிமை கேட்டவனுக்கு உட்கார நாற்காலி இல்லை.

மறுநாள் ஆபீஸில் விஷயத்தைக் கேட்டதும் பக்கத்து ஜன்னல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "களைச்சுப் போய் வாசல்ல நின்னு சொன்னா, துரத்துறான்னுதான்யா நினைப்பாங்க. லீவு நாள்ல, ரெண்டு பேரும் நல்லா இருக்கும்போது சொல்லு. ஏன்னு சொல்லு. எவ்வளவு நேரம்னு சொல்லு. முக்கியமா, எப்போ திரும்பி வருவேன்னு சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை, மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன்.

"உன்மேல கோபம் இல்ல. நீ பேசுறது பிடிக்காமலும் இல்ல. நாள் பூரா ஜனங்களோட பேசிட்டு வரேனா, அப்போ நீ சொல்றது காதுல விழுது, மனசுல விழமாட்டேங்குது. வந்ததும் உன் பக்கத்துல ரெண்டு நிமிஷம் உட்காருறேன். அப்புறம் ஆறுலேருந்து ஆறே முக்கால் வரைக்கும் சின்ன ரூம்ல சும்மா இருப்பேன். ஆறே முக்காலுக்கு நானே டீ போட்டு எடுத்துட்டு வரேன். அப்புறம் நீ எவ்வளவு பேசினாலும் கேக்குறேன்."

அவள் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா எங்கம்மாவை அழவெச்சீங்க? நான் உங்களுக்குச் சலிச்சுப் போயிட்டேனோன்னு பயந்துட்டேங்க."

பத்து நாள் சொர்க்கம். சின்ன ரூமில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுவர் எந்தப் புகாரும் சொல்லாது. ஆறே முக்காலுக்கு டீயோடு வெளியே வந்தால், அட, அவள் கதை நன்றாகத்தான் இருந்தது! நானே "அப்புறம்?" என்று கேட்டேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பதினோராம் நாள் கொஞ்சம் ஆசை வந்தது. ஆறே முக்கால் ஏழாச்சு. ஏழு ஏழரையாச்சு. கையில் போன் வேறு. கதவு தட்டும் சத்தம் கேட்கும். "இதோ வரேன்" என்பேன். இரண்டு நாள் தட்டினாள். அப்புறம் தட்டவில்லை. என்னைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று பூரித்தேன். மடையன்.

போன வியாழக்கிழமை வெளியே ஒரே சிரிப்பு. மணி ஏழு இருபது. இரண்டு டம்ளர் டீயோடு கூடத்துக்குப் போனால், அளவு கொடுக்க வந்த பெண்கள் ஆறு பேர், ஆளுக்கொரு நம்பர் சீட்டோடு. அவர்களில் ஒருத்தியாக, என் நாற்காலியில் எதிர்வீட்டு அக்கா.

"வாங்க, வாங்க! உங்க வீட்டுக்காரிக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற வேலை மொத்தமா கிடைச்சிருக்கு. இனிப்பு எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்போ?"

"திங்கக்கிழமை," என்றாள் மனைவி. "சொல்லத்தான் வந்தேன். கதவு மூடியிருந்துச்சு."

சமையலறைப் பக்கம் கூட்டிப்போய்க் கெஞ்சினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"நீங்க உள்ள போனதுல எனக்கு வருத்தமே இல்லைங்க. சொன்ன நேரத்துக்கு வெளிய வரல பாருங்க, அதுதான் சுட்டுச்சு. எத்தனை நாள் கதவையே பார்த்துட்டிருக்கிறது? ஆள் இருக்கிற இடத்துல பேசக் கத்துக்கிட்டேன்."

"இப்போ வந்துட்டேனே. இனிமே கரெக்டா ஆறே முக்கால். எல்லாத்தையும் சொல்லு, கேக்குறேன்."

அவள் சிரித்தாள். துணிகள் மாறிப்போகாமல் இருக்க நம்பர் எழுதிக் குத்திவைப்பாளே, அந்தத் துண்டுச்சீட்டு டப்பாவைத் திறந்தாள். ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் குண்டூசியால் குத்தினாள்.

"கோபம் இல்ல. உங்களைப் பிடிக்காமலும் இல்ல. உங்க முறை வர்ற வரைக்கும் உள்ள போய்த் தனியா இருங்க."

குனிந்து பார்த்தேன். ஏழு.

அவள் கூடத்துப் பக்கம் திரும்பி, அப்படியே என் ஆபீஸ் குரலில் "அடுத்து!" என்றாள். இரண்டாம் நம்பர் எழுந்து வந்து, என் டீயையும் எடுத்துக்கொண்டு போனாள்.